சீனியரிடம் கேட்டேன், 40 நிமிஷம் போச்சு, ஒண்ணும் நகரல. எப்படிக் கேட்டிருக்கணும்?

தூறல்நாள் · செவ்வாய், இரவு 9:40

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. கோயமுத்தூர்ல சின்ன மென்பொருள் கம்பெனி. கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் போடுற செயலி செய்றோம். ரெண்டு நாளா ஒரே பிழையில மாட்டிக்கிட்டு நிக்கிறேன். "அடுத்து இந்தத் தேதிக்கு வாங்க"ன்னு டாக்டர் போடுற ஃபாலோ-அப் தேதி, சர்வர்ல தப்பா சேவ் ஆகுது. என் லேப்டாப்ல ஓட்டினா சரியா வருது.

எங்க டீமுக்கு ஒரு சீனியர் அண்ணா இருக்கார். பன்னிரண்டு வருஷ அனுபவம், மூணு டீமைப் பாத்துக்கிறார். நேத்து காலைல 10:40க்கு "அண்ணா, ஃப்ரீயா?"ன்னு மெசேஜ் போட்டேன். 12:15க்கு "சொல்லு"ன்னார். அப்ப நான் சாப்பிடப் போயிட்டேன். திரும்பி வந்து "டேட் தப்பா வருதுண்ணா"ன்னேன். "எங்க?"ன்னு 3 மணிக்குக் கேட்டார். கடைசியா நாலரைக்கு அவரே எழுந்து என் இடத்துக்கு வந்தார். 40 நிமிஷம் உக்காந்தார். எந்த ஸ்க்ரீன், என்ன தேதி போட்ட, டேட்டாபேஸ்ல என்ன விழுந்திருக்கு, பிரவுசர் என்ன அனுப்புச்சு, எப்பலேருந்து இப்படின்னு கேட்டுக்கிட்டே இருந்தார். பாதிக்கு மேல எனக்குப் பதில் தெரியல. அப்புறம் அவருக்கு மீட்டிங், "நாளைக்குப் பாப்போம்"னு கிளம்பிட்டார். கோவப்படல. ஆனா அவர் நேரத்தை வீணாக்கிட்டேன்னு எனக்கு ரொம்ப சங்கடமா இருக்கு. மறுபடி கேக்கவே கால் வரல. நீங்கல்லாம் இப்படி மாட்டினா எப்படிக் கேப்பீங்க?

---

குரல்77 · செவ்வாய், இரவு 10:05

தம்பி, மனசு தளராதீங்க. நீங்க காலைல மெசேஜ் போட்டு அவர் சாயங்காலம்தான் வந்திருக்கார்னா அது அவர் தப்பு. ஜூனியருக்குச் சொல்லித் தர்றதும் சீனியர் வேலைதான். மேனேஜர்கிட்ட ஒரு மெயில் போட்டு வையுங்க. பின்னாடி வேலை லேட் ஆச்சுன்னு உங்க தலையில கட்டக் கூடாது.

---

தூறல்நாள் · செவ்வாய், இரவு 10:12

இல்லைங்க, அவர் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. வந்து 40 நிமிஷம் உக்காந்தவர் அவர். நான் கேட்ட விதத்தைத்தான் கேக்கறேன்.

---

பழையகீபோர்டு · செவ்வாய், இரவு 10:50

பதினாலு வருஷமா இந்த வேலையில் இருக்கிறேன். இப்போது தினமும் என்னிடம் ஆறேழு பேர் இப்படி வருகிறார்கள்.

அவர் கேட்ட ஐந்து கேள்விகளையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்துக்கும் பதில் அவர் தலைக்குள் இல்லை, உங்கள் மேசையில் இருக்கிறது. 40 நிமிஷமும் பிழை எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விட்டது. பிழை ஏன் வருகிறது என்று அவர் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை. அவருடைய பன்னிரண்டு வருஷ அனுபவம் வேலை செய்திருக்க வேண்டிய இடம் அது.

ஒன்று செய்யுங்கள். அவருக்கு அனுப்புகிற மாதிரியே ஒரு மெசேஜை இங்கே எழுதிக் காட்டுங்கள். அதை வைத்துப் பேசுவோம்.

---

தூறல்நாள் · செவ்வாய், இரவு 11:08

சரிங்க. இப்படி எழுதுவேன்:

"அண்ணா, ஃபாலோ-அப் தேதி சர்வர்ல சில சமயம் தப்பா சேவ் ஆகுது. சர்வர் டைம் தப்பா இருக்கும்னு நினைக்கிறேன். என் லேப்டாப்ல சரியா வருது. டேட் ஃபார்மேட் மாத்திப் பாத்தேன், லைப்ரரி வெர்ஷன் மாத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. கொஞ்சம் பாக்க முடியுமா?"

---

நேர்கோடு · செவ்வாய், இரவு 11:20

இதுல ஒரு குறையும் இல்லையே, நல்லாத்தான் இருக்கு. அரை மணி நேரம் சொந்தமா முயற்சி பண்ணு, முடியலன்னா கேளு. எங்க டீம்ல இதுதான் விதி. நீங்க ரெண்டு நாள் காத்திருந்ததுதான் தப்பு.

அப்புறம், உங்க பிழைக்கு எனக்கு விடையே தெரியும். சர்வர் டைம்சோனை `Asia/Kolkata`ன்னு மாத்துங்க, முடிஞ்சுது.

---

பழையகீபோர்டு · செவ்வாய், இரவு 11:45

நேர்கோடு, டைம்சோன் என்று உங்கள் மனதில் பட்டது சரியான திசைதான். ஆனால் அதற்குள் விடைக்குப் போக வேண்டாம்.

தூறல்நாள், உங்கள் மெசேஜில் மூன்று இடங்களில் எனக்குக் கால் இடறுகிறது. முதலாவது "சில சமயம்". எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று நீங்கள் பார்த்தீர்களா, அல்லது பார்க்காததால் "சில சமயம்" என்று எழுதினீர்களா? இரண்டாவது "தப்பா". ஒரு நாள் தள்ளியா, ஒரு மாசம் தள்ளியா, வெறும் காலியா? தேதியும் மாதமும் இடம் மாறி விழுவது ஒரு வகைப் பிழை, சரியாக ஒரு நாள் குறைவது முற்றிலும் வேறு வகை. மூன்றாவது "சர்வர் டைம் தப்பா இருக்கும்". நீங்கள் கண்ணால் பார்க்காத ஊகம் இது. இதை நம்பி உங்கள் சீனியர் சர்வர் கடிகாரத்தைப் பார்க்கக் கிளம்பினால் இன்னொரு அரை மணி நேரம் போகும். ஊகம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. பார்த்ததை முதலில் எழுதிவிட்டு, ஊகத்தைக் கடைசியில், ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

நாளைக் காலையில் மூன்று வேலை செய்யுங்கள். சர்வரில் `date` என்று அடித்து வருவதை அப்படியே எடுத்து வையுங்கள். பத்து அப்பாயின்ட்மென்ட் போட்டு, போட்ட தேதி, விழுந்த தேதி என்று இரண்டு வரிசையாக எழுதுங்கள். பிறகு பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து, சேவ் அழுத்தும்போது என்ன போகிறது என்று ஒரு எழுத்துகூட மாற்றாமல் காப்பி எடுங்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

---

லேத்பட்டறை · புதன், காலை 6:30

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லைங்க. ஓசூர்ல சிஎன்சி ஷாப்புல ஷிப்ட் சூப்பர்வைசர். ஆனா இந்த விஷயம் எங்களுக்கும் இருக்குதுங்க.

போன மாசம் புதுசா வந்த பையன் ஒருத்தன். மெஷின் நடுவுல நின்னு போச்சு, திரையில அலாரம். பயத்துல ரீசெட்டை அமுக்கிட்டான். அமுக்குனதும் திரையில இருந்த அலாரம் போயிருச்சுங்க. அதோட விடல, டூலைக் கையால ஜாக் பண்ணி மேல தூக்கிட்டான். அப்புறந்தான் என்னைக் கூப்பிட்டான். அலாரம் நம்பரை ஹிஸ்டரி பக்கத்துல தேடி எடுத்துட்டேன். ஆனா டூல் எந்த இடத்துல, எந்த வரியில நின்னுச்சுங்கறதை எங்கீங்க எடுக்கறது? அந்த ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தா ஆஃப்செட் தப்பா, புரோகிராம் தப்பான்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேன். மத்தியானம் வரைக்கும் போச்சுங்க.

இப்ப எங்க ஷாப்புல சொல்லி வெச்சிருக்கறது இதுதாங்க. மெஷின் நின்னா கையை எடு, திரையைப் போன்ல போட்டோ எடு, அப்புறம் கூப்பிடு. எங்களுக்கு அரை மணி நேரம் முயற்சி பண்ணுன்னு எல்லாம் சொல்ல முடியாதுங்க. முயற்சி பண்ணுனா ஸ்பிண்டில் போயிரும்.

---

வேப்பம்பூ · புதன், காலை 8:15

லேத்பட்டறை அண்ணா சொன்னது எங்களுக்கும் அப்படியே பொருந்தும். பிழை வந்ததும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டு "இப்ப சரியாயிடுச்சு, ஆனா ஏன்னு தெரியல"ன்னு வர்றவங்க எத்தனையோ பேர்.

போட்டோ விஷயத்துல மட்டும் ஒரு வித்தியாசம். உங்க மெஷின் திரைக்கு போட்டோ சரி. எங்க வேலையில பிழைச் செய்தியைப் போன்ல போட்டோ எடுத்து அனுப்பினா, அதைத் தேடணும்னாலும் நான் மறுபடி டைப் பண்ணணும். எழுத்தாவே காப்பி பண்ணி அனுப்பினாத்தான் உதவி. தூறல்நாள், அனுப்புறதுக்கு முன்னாடி நோயாளி பேர், போன் நம்பர் இருந்தா எடுத்துடுங்க. கிளினிக் டேட்டா, குரூப் சாட்ல போகக் கூடாது.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு கேக்கணும். இது டெஸ்ட் சர்வரா, நிஜ கிளினிக் ஓடுற சர்வரா?

---

தூறல்நாள் · புதன், காலை 11:02

பாத்துட்டேங்க. எல்லாத்தையும் அப்படியே போடுறேன்.

சர்வர்ல `date` அடிச்சா:

```
Wed Aug 13 05:12:40 UTC 2025
```

அப்ப என் வாட்ச்ல 10:42. ஆக சர்வர் நேரம் தப்பில்லை, யூடிசில இருக்கு, அவ்வளவுதான்.

பத்துப் பதிவு போட்டேன். அஞ்சு ஃபாலோ-அப், அஞ்சு சாதாரண அப்பாயின்ட்மென்ட். ஃபாலோ-அப் அஞ்சும் சரியா ஒரு நாள் முன்னாடி விழுது. நேரத்தோட போடுற சாதாரண அப்பாயின்ட்மென்ட் அஞ்சும் சரி. ஆக அது "சில சமயம்" இல்லவே இல்லை. ஃபாலோ-அப்ல எப்பவுமே தப்பு.

நான் 20ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தப்ப பிரவுசர் அனுப்பினது:

```
{"followUpDate":"2025-08-19T18:30:00.000Z"}
```

இதை நான் முதல் நாளே பாத்தேன். அந்த 18:30 ஏதோ தேவையில்லாததுன்னு நினைச்சு அண்ணாகிட்ட சொல்லவே இல்லை.

வேப்பம்பூ அக்கா, போன வெள்ளிக்கிழமை ஒரு கிளினிக்கை மட்டும் புது சர்வருக்கு மாத்தியிருக்காங்க. இது அந்த சர்வர்தான்.

---

வேப்பம்பூ · புதன், காலை 11:06

அப்படின்னா இங்க எழுதிக்கிட்டு இருக்காதீங்க. இப்பவே எழுந்து அவர்கிட்டப் போங்க. அந்த கிளினிக் நோயாளிகளுக்கு ரிமைண்டர் எஸ்எம்எஸ் தப்புத் தேதியோட போகும். காரணம் தெரியாட்டியும் பரவாயில்லை. "நிஜ கிளினிக், வெள்ளிக்கிழமைலேருந்து, எல்லா ஃபாலோ-அப்பும் ஒரு நாள் முன்னாடி." இந்த ஒரு வரி போதும்.

---

தூறல்நாள் · புதன், மதியம் 12:20

போய்ச் சொன்னேன். அவர் மீட்டிங்ல இருந்து வெளிய வந்து, உடனே ரிமைண்டர் அனுப்புற வேலையை நிறுத்தச் சொன்னார். அதுக்கு ரெண்டு நிமிஷம். "இது நிஜ கிளினிக்னு முந்தாநேத்தே சொல்லியிருந்தா மீட்டிங்கை விட்டிருப்பேனே"ன்னார். நான் எங்கயுமே அதைச் சொல்லல. அவர் டெஸ்ட் சர்வர்னு நினைச்சுட்டு இருந்திருக்கார். காரணத்தை மதியத்துக்கு மேல எழுதி அனுப்பச் சொல்லியிருக்கார்.

---

பழையகீபோர்டு · புதன், மதியம் 1:10

வேப்பம்பூ கேட்ட கேள்வியை நான் நேற்றே கேட்டிருக்க வேண்டும். பத்துப் பதிவு போட்டுப் பார்க்கச் சொன்னேனே தவிர, யாருக்குப் பாதிப்பு என்று கேட்கவில்லை. என் தவறு.

காரணத்துக்கு வருவோம். நீங்கள் ஒதுக்கிய 18:30தான் முழு விடையும். நம் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. இந்தியாவில் 20ஆம் தேதி நள்ளிரவு பிறக்கும்போது யூடிசியில் 19ஆம் தேதி மாலை 18:30. நேரம் இல்லாமல் தேதியை மட்டும் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஸ்க்ரீன் அதை நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு, யூடிசிக்கு மாற்றி அனுப்புகிறது. காலை 10 மணி அப்பாயின்ட்மென்ட் என்றால் யூடிசியில் 4:30, அதே நாள், அதனால் தப்பித்துவிடுகிறது. உங்கள் லேப்டாப் இந்திய நேரத்தில் இருப்பதால் திரும்ப 20 என்றே படிக்கிறது. சர்வர் யூடிசியில் இருப்பதால் 19 என்று படிக்கிறது. பழைய சர்வர் இந்திய நேரத்தில் இருந்திருக்கும் என்பது என் ஊகம், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் சில வருஷம் இந்த வேலை செய்த எவருக்கும் 18:30ஐப் பார்த்தவுடன் பொறி தட்டும். யோசிக்கக்கூட வேண்டாம், முகம் பார்த்து ஆளை அடையாளம் காண்கிற மாதிரிதான். சீனியரிடம் உங்களுக்குத் தேவைப்படுவது அந்த அடையாளம் காணும் கண். "தேதி தப்பா வருது" என்று நீங்கள் சொந்த வார்த்தையில் சுருக்கிச் சொன்னபோது அந்த முகமே மறைந்துவிட்டது. எது முக்கியம் என்று தெரியாத நிலையில் இருப்பவர் சுருக்கினால், முக்கியமானதுதான் முதலில் விழும். அதனால்தான் பார்த்ததை எழுத்து மாறாமல் கொடுக்கச் சொல்கிறேன்.

உங்கள் லேப்டாப்பிலேயே சர்வர் பிழையை வரவழைக்கலாம்:

```
TZ=UTC node -e 'console.log(new Date("2025-08-19T18:30:00.000Z").getDate())'
TZ=Asia/Kolkata node -e 'console.log(new Date("2025-08-19T18:30:00.000Z").getDate())'
```

முதல் வரிக்கு 19, இரண்டாவதுக்கு 20 வர வேண்டும். வந்தால் இந்த இரண்டு வரியையும் மெசேஜில் சேருங்கள். அவர் உங்கள் இடத்துக்கு வர வேண்டியதே இல்லை, அவர் மேசையிலேயே ஓட்டிப் பார்த்துக்கொள்வார்.

---

நேர்கோடு · புதன், மதியம் 1:25

நான் நேத்தே சொன்னேனே, டைம்சோனை மாத்துங்கன்னு!

---

பழையகீபோர்டு · புதன், மதியம் 1:40

சொன்னீர்கள், இந்த கிளினிக்குக்கு அது வேலையும் செய்யும். ஆனால் சிங்கப்பூரில் ஒரு கிளினிக் சேர்ந்தால்? அங்கே 20ஆம் தேதி நள்ளிரவு என்பது இந்திய நேரப்படி 19ஆம் தேதி இரவு 9:30. மறுபடி ஒரு நாள் குறையும். துபாய் நமக்குப் பின்னால் இருப்பதால் அங்கே இந்தப் பிழை வராது. அது இன்னும் ஆபத்து, துபாயில் சோதித்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவோம். ஃபாலோ-அப் என்பது ஒரு நாள், அதற்கு நேரமே கிடையாது. `"2025-08-20"` என்று எழுத்தாகவே அனுப்பி, டேட்டாபேஸில் தேதி மட்டும் வைக்கும் ஃபீல்டில் சேர்ப்பதுதான் சுத்தம். ஆனால் அதற்கு ஸ்க்ரீன், சர்வர் இரண்டையும் மாற்ற வேண்டும்.

எதைச் செய்வது என்பது தூறல்நாளோ நாமோ முடிவு செய்வதல்ல. சீனியரிடம் கேட்க வேண்டிய உண்மையான கேள்வி இப்போதுதான் பிறந்திருக்கிறது.

---

தூறல்நாள் · புதன், மாலை 3:15

19, 20ன்னு சரியா வந்துச்சு. பழைய சர்வர் இந்திய நேரத்துலதான் இருந்ததாம், அட்மின்கிட்டக் கேட்டேன். இப்படி எழுதியிருக்கேன், அனுப்பலாமா?

"அண்ணா, புது சர்வர்ல இருக்கிற ஒரு கிளினிக்குக்கு, வெள்ளிக்கிழமைலேருந்து எல்லா ஃபாலோ-அப் தேதியும் ஒரு நாள் முன்னாடி சேவ் ஆகுது. ரிமைண்டர் நிறுத்தியாச்சு. 20 தேர்ந்தெடுத்தா பிரவுசர் `2025-08-19T18:30:00.000Z` அனுப்புது. சர்வர் யூடிசில இருக்கிறதால அதை 19னு படிக்குது. பழைய சர்வர் `Asia/Kolkata`ல இருந்தது. கீழ இருக்கிற ரெண்டு வரியை ஓட்டினா வித்தியாசம் தெரியும். சர்வர் டைம்சோனை மாத்தினா இன்னைக்கே சரியாகும், ஆனா வெளிநாட்டு கிளினிக் வந்தா மறுபடி உடையலாம். தேதியை எழுத்தா அனுப்பினா நிரந்தரம், எனக்கு ஒன்றரை நாள் ஆகும்னு நினைக்கிறேன். எதைச் செய்யட்டும்? ஏற்கெனவே தப்பா விழுந்த பதிவுகளை எப்படித் திருத்துறதுன்னு எனக்குத் தெரியல. சாயங்காலம் 5க்குள்ள சொன்னா இன்னைக்கே ஆரம்பிப்பேன்."

---

வேப்பம்பூ · புதன், மாலை 3:30

அனுப்புங்க. "ஃப்ரீயா?" எங்கயும் இல்லை, அதுவே பெரிய நிம்மதி. அந்த ஒரு வார்த்தைக்கு என்ன பதில் சொல்றதுன்னே எனக்குத் தெரியாது. ரெண்டு நிமிஷ வேலைன்னா ஃப்ரீ, ரெண்டு மணி நேரம்னா இல்லை.

பழையகீபோர்டு சொன்னதுல ஒரு சின்ன மாறுபாடு எனக்கு உண்டு. எல்லாத்தையும் அப்படியே கொடுன்னு சொன்னா, சில பேர் முந்நூறு வரி லாகை அள்ளி ஒட்டிடுறாங்க. அதுவும் தேடுற வேலையை என் தலையில போடுறதுதான். தப்பு நடந்த ஒரு வரி, அதுக்கு மேல கீழ கொஞ்சம், மீதி கோப்பா. அப்புறம், சேர்ந்து முதல் ரெண்டு மூணு மாசம் இருக்கிறவங்ககிட்ட நான் இதையெல்லாம் எதிர்பார்க்கறதில்லை. நெட்வொர்க் டேப் எங்க இருக்குன்னே தெரியாத பிள்ளைகிட்ட "காப்பி எடுத்துட்டு வா"ன்னா, அது வரவே வராது. அவங்க அரைகுறையா கேட்டாலும் பரவாயில்லை, கேட்டாப் போதும்.

---

பழையகீபோர்டு · புதன், மாலை 3:50

லாக் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். புதியவர்கள் விஷயத்தில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. முதல் வாரத்திலேயே பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை காட்டிவிட்டால் அவர்களும் கொண்டுவருவார்கள் என்பது என் அனுபவம். காட்டுவது நம் வேலை.

---

தூறல்நாள் · புதன், இரவு 8:40

3:35க்கு அனுப்பினேன். 3:41க்குப் பதில் வந்துச்சு: "18:30 பாத்ததும் புரிஞ்சுது. ரெண்டையும் செய். இன்னைக்கு டைம்சோன், நாளைலேருந்து எழுத்துத் தேதி. பழைய பதிவை நீ தொடாதே, அதைச் சேர்ந்து பாப்போம்." டைம்சோன் மாத்திட்டேன், அஞ்சு ஃபாலோ-அப் போட்டுப் பாத்து சரியா வருதுன்னு அவருக்கும் சொல்லிட்டேன்.

---

நேர்கோடு · புதன், இரவு 9:00

நல்லது. ஆனா எவ்வளவு நேரம் கழிச்சுக் கேக்கணும்ங்கறதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. என் அரை மணி நேர விதியை நான் விடல.

---

பழையகீபோர்டு · புதன், இரவு 9:20

கடிகாரத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்து எதைப் பார்ப்பது என்று ஒன்று இருக்கும்வரை பார்க்கலாம். முன்னால் மாற்றிய அதே ஃபார்மேட்டை மூன்றாவது தடவை மாற்றுகிறோம் என்றால் அங்கே நின்றுவிட வேண்டும். தூறல்நாள் முதல் நாள் மதியமே அந்த இடத்துக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

---

லேத்பட்டறை · புதன், இரவு 9:45

அந்தத் தப்பா விழுந்த பழைய பதிவுக எப்படித் திருத்துவீங்க? வெள்ளிக்கிழமைல இருந்து போட்டது எல்லாத்துக்கும் ஒரு நாள் கூட்டிட்டா ஆச்சுங்களா?

---

தூறல்நாள் · புதன், இரவு 10:05

அதுலதான் சிக்கல் இருக்குங்க அண்ணா. ரிசப்ஷன்ல சில பேர் தப்பைப் பாத்துட்டு, தாங்களே ஒரு நாள் கூட்டிக் கையால திருத்தியிருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எதைத் திருத்தினாங்க, எதைத் திருத்தலன்னு டேட்டாபேஸ்ல தெரியல. கிளினிக்ல எழுதி வெச்ச நோட்டு இருக்காம். நாளைக்குக் காலைல அதை வாங்கி ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்து எழுதிக்கிட்டு, அப்புறம் அண்ணாகிட்டப் போறேன்.